போகிறேன் என்றபின் வரும் சலுகை

வேலை தேடுவதைப் பற்றியும், கிடைத்த வேலையில் நிலைப்பதைப் பற்றியும் நம்மவர்களுக்குப் புத்திமதி சொல்லுவோர் பலர். ஆனால் ஒரு வேலையை விட்டு வேறொன்றுக்குப் போவதற்கு இராஜிநாமாக் கடிதம் கொடுத்தபின், பழைய எஜமானர் கூப்பிட்டு, “போகவேண்டாம், சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம்” என்று சொல்லும்போது என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கேட்டும் கிடைக்காத ஒன்று, கேட்காமலே கிடைக்கும் நேரம் அது. மனம் இளகும். அந்த நேரத்தில் சொல்லும் ஒரு சொல், பத்து வருடச் சேவையின் பயனைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. இந்தச் சலுகையை நாம் எதிர்ச்சலுகை என்று அழைத்துக்கொள்வோம். ஊவா மாகாணத் தோட்டங்களில் அது எந்த உருவத்தில் வருகின்றது, அதை எப்படி நிறுத்துப் பார்ப்பது என்பதே இன்றைய பேச்சு.

நம் தோட்டங்களுக்கு இது புதிய விஷயம் அன்று. நம் பாட்டன்மார் காலத்தில் “துண்டு” என்றொரு முறை இருந்தது. ஒரு கங்காணி தம் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டுக் காகிதத்தில் அவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டோடு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். கடனைக் கட்டி, மேலும் முன்பணம் கொடுப்பவர் அவரை எடுத்துக்கொள்வார். கங்காணிமாரைத் தம்பால் இழுக்கத் தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு முன்பணத்தை உயர்த்தின. பார்வைக்கு அது சலுகை. கணக்கில் அது கடன். முன்பணம் ஏற ஏற ஆளைக் கட்டிய கயிறும் தடித்தது. கங்காணி வாங்கிய பணத்தின் சுமை ஈற்றில் கொழுந்து பறித்தவர்களின் பெயரிலேயே ஏறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. துண்டு போய்விட்டது, ஆனால் ஆளை நிறுத்திவைப்பதற்காகக் கொடுக்கப்படும் பணத்தில் எது ஊதியம், எது கயிறு என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

இனி இன்றைய காலத்துக்கு வருவோம். ஓர் உத்தியோகத்தரை மனத்தில் வைத்துக்கொள்வோம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உதவி டீமேக்கர். வயது முப்பத்துநான்கு. சேவை ஒன்பது வருடமும் ஏழு மாதமும். அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய் என்று கொள்வோம். பண்டாரவளைப் பக்கத்தில், சிறு தோட்டக்காரரிடம் கொழுந்து வாங்கித் தேயிலை செய்யும் ஒரு தனியார் தொழிற்சாலை, 80,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடு, உதவியாளராக அல்ல, டீமேக்கராகவே அவரை அழைக்கின்றது. இருப்பதற்கு வீடும் உண்டு. அவர் மே மாத முடிவில் ஒரு மாத அறிவித்தல் கொடுத்து இராஜிநாமாக் கடிதம் எழுதுகின்றார்.

மூன்றாம் நாள் பெரிய கிளாக்கர் அவரைத் தேடி வருகின்றார்.

“தம்பி, துரை உங்களை விட விரும்பவில்லை. அங்கே கிடைக்கும் அதே இருபதினாயிரத்தை இங்கேயே கூட்டித் தருகிறாராம். இன்னும் என்ன வேண்டும்?”

“எப்படிக் கூட்டித் தருவார் ஐயா?”

“மேலதிக நேரமாகப் பன்னிரண்டாயிரம் நிச்சயம். போக்குவரத்துச் செலவாக எண்ணாயிரம். அவசரத்துக்கு இரண்டு இலட்சம் கடனும் உண்டு. மாதம் பத்தாயிரமாகக் கழித்துக்கொள்ளலாம். பெரிய டீமேக்கர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் உங்களுக்குத்தான் என்று துரையே வாயால் சொன்னார்.”

“எப்படி” என்று நம் நண்பர் கேட்டாரே, அந்த ஒரு சொல்லிலேதான் முழு விஷயமும் இருக்கின்றது. எவ்வளவு என்று கேட்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பெயரில் என்று கேட்கத் தெரிந்தவர் சிலரே.

சம்பளச் சீட்டில் உள்ள எல்லா ரூபாயும் ஒரே பெறுமதி உடையவை அல்ல. அடிப்படைச் சம்பளத்தில் ஏறும் ரூபாய் மூன்று இடங்களில் குட்டி போடுகின்றது. முதலாவது ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியின் பங்காக நூற்றுக்கு 8 வீதம் சம்பளத்தில் கழிய, எஜமானர் தம் பங்காக 12 வீதம் கட்டுகின்றார். இரண்டாவது ஊழியர் நம்பிக்கை நிதியம். அதற்கு எஜமானர் மட்டும் 3 வீதம் கட்டுகின்றார். மூன்றாவது பணிக்கொடை, தோட்டங்களில் சேவைக்காலப் பணம் என்பார்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடச் சேவை பூர்த்தியான மாதச் சம்பளக்காரர், வேலையை விடும்போது, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பெற உரியவர். அவராகவே இராஜிநாமாச் செய்தாலும் அந்த உரிமை உண்டு.

மேலதிக நேரக் கொடுப்பனவும் போக்குவரத்துச் செலவும் இந்தக் கணக்குகளில் சேருவதில்லை. அவை வந்த மாதத்தோடு முடிந்துபோகின்றன. தொழிற்சாலைக்கு வரும் கொழுந்து குறைந்தால் மேலதிக நேரமும் குறையும். அதை நிச்சயம் என்று வாயால் சொல்லலாமே தவிர, செய்யாத வேலைக்கு நெடுநாள் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதற்குமேல், மேலதிக நேரம் என்பது சம்பள உயர்வு அன்று. வாடு தட்டுகளின் அருகே இரவில் கண் விழிப்பதற்கான கூலி.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்கவேண்டும். துரை சொன்ன வழியில் இருபதினாயிரமும் வந்தால், நம் நண்பர் கையில் வாங்குவது 75,200 ரூபாய். அதே இருபதினாயிரம் அடிப்படைச் சம்பளத்தில் ஏறினால் அவர் கையில் வருவது 73,600 ரூபாய்தான். ஏனெனில் கூடிய சம்பளத்துக்கும் 8 வீதம் கழிகின்றது. ஆகவே தாழ்ந்த சலுகை கைக்கு உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. அந்த 1,600 ரூபாயைப் பார்த்து மகிழ்பவர், அது தம்முடைய சேமிப்பே என்பதையும், அதோடு எஜமானர் மாதந்தோறும் இரு நிதிகளுக்கும் கட்டவேண்டிய 3,000 ரூபாய் தமக்கு வராமற்போவதையும் காண்பதில்லை.

பணிக்கொடையில் வேறுபாடு இன்னும் பெரிது. இன்று வேலையை விட்டால் நம் நண்பருக்கு ஒன்பது வருடத்துக்கு, வருடம் 30,000 வீதம், 270,000 ரூபாய் உண்டு. பணிக்கொடை கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்தே கணிக்கப்படுகின்றது. எனவே அடிப்படைச் சம்பளம் 80,000 ஆகிய அன்றே, அவர் செய்து முடித்த ஒன்பது வருடங்களுக்கும் வருடத்துக்கு 40,000 என்று ஆகிவிடுகின்றது. 270,000 ஒரே நாளில் 360,000 ஆகின்றது. அதாவது அடிப்படைச் சம்பள உயர்வு வருங்காலத்துக்கு மட்டும் கிடைப்பதன்று. கடந்துபோன வருடங்களின் விலையையும் உயர்த்துகின்றது. பழைய இடத்தில் நெடுநாள் இருந்தவருக்கு அங்கே உள்ள தனிப்பட்ட அனுகூலம் இதுதான். புதிய எஜமானர் எவ்வளவு தாராளமானவராயினும் பழைய ஒன்பது வருடங்களை உயர்த்தித் தர அவரால் முடியாது.

எஜமானர் இந்த உயர்வை வேறு பெயர்களில் கொடுக்க விரும்புவதற்கும் காரணம் இதுவே. அதை வஞ்சகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தோட்டங்களின் நிர்வாகம் 1992ஆம் ஆண்டிலிருந்து கம்பனிகளின் கையில் இருக்கின்றது. தோட்ட உத்தியோகத்தர் சம்பளம் தொழிற்சங்கங்களோடு செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தின்படி, தரம் தரமாக அமைந்தது. ஒருவருடைய அடிப்படைச் சம்பளத்தைத் தனியே உயர்த்தினால் அதே தரத்தில் உள்ள மற்றவர் கேட்பார்கள். ஆகவே அதற்குக் கொழும்பிலுள்ள தலைமைக் காரியாலயம் சம்மதிக்கவேண்டும். தோட்டத்துத் துரையின் கைக்கு எட்டியவை மேலதிக நேரமும் சிறு படிகளுமே. இதை அறிந்தால், துரையின் வாக்குக்கும் கம்பனியின் வாக்குக்கும் உள்ள தூரம் விளங்கும். துரை நல்லவராக இருக்கலாம்; சொன்னதை மனமாரச் சொல்லியிருக்கலாம். ஆனால் துரைமார் மாற்றலாகிப் போகின்றவர்கள். எழுத்தில் இல்லாத வாக்கு அவருடைய பெட்டியோடு சேர்ந்து போய்விடும்.

காலத்தையும் கவனிக்கவேண்டும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வாசத்தேயிலையின் பருவம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைச் சொரிந்துவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகின்றது. அந்த வாரங்களில் கொழுந்தை வாட்டி உருட்டும் கைப்பக்குவத்திலேதான் கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் விலை இருக்கின்றது. ஜூன் மாதத்தில் ஒரு தொழிற்சாலை அனுபவமுள்ள டீமேக்கரை இழக்க விரும்பாது. எனவே அந்த மாதத்தில் வரும் சலுகை, ஆளுக்காக வந்ததா, பருவத்துக்காக வந்ததா என்று ஆராயவேண்டும். அடையாளம் எளிது. “சீசன் முடியட்டும், பிறகு எழுதித் தருகிறோம்” என்று சொன்னால், சீசன் முடிந்தபின் உங்களுடைய தேவையும் முடிந்துவிடலாம். அதற்குள் உங்களுக்கு அடுத்தவரைப் பழக்கிவிடவும் கூடும். பண்டாரவளை இடமோ அதுவரை காத்திருக்காது.

கடனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இலட்சம் ரூபாய், மாதம் பத்தாயிரமாக இருபது மாதம். அந்த இருபது மாதமும் கூடிய இருபதினாயிரத்தில் பாதி கழிந்துவிடும்; இடையில் போக நினைத்தால் மீதியைக் கட்டியே போகவேண்டும். பழைய துண்டை நினைத்துக்கொண்டால் போதும்.

இப்பொழுது நம் நண்பர் மூன்று பாதைகளையும் ஐந்து வருடத் தூரத்துக்கு அளந்து பார்க்கின்றார். சம்பளம் பிறகு உயராது என்றே வைத்துக்கொள்கின்றார். மேலதிக நேரச் சலுகையோடு இங்கேயே இருந்தால், பதினான்கு வருடச் சேவைக்கு 30,000 வீதம் பணிக்கொடை 420,000. புதிய இடத்துக்குப் போனால், இன்று கிடைக்கும் 270,000மும், அங்கே ஐந்து வருடம் பூர்த்தியானபின் 200,000மும் சேர்த்து 470,000. அடிப்படைச் சம்பளம் 80,000 என்று எழுதி வாங்கி இங்கேயே இருந்தால் 560,000. எஜமானர் இரு நிதிகளுக்கும் கட்டும் மேலதிகப் பணம், பின்னைய இரு பாதைகளிலும் ஐந்து வருடத்தில் 180,000 ரூபாய். முதற் பாதையில் ஒன்றும் இல்லை.

கணக்கு சொல்லும் பாடம் தெளிவானது. அடிப்படைச் சம்பளத்தில் ஏறிய எதிர்ச்சலுகை, பண விஷயத்தில், சம சம்பளமுள்ள புதிய வேலையைவிட மேலானது. வேறு பெயர்களில் வந்த எதிர்ச்சலுகை அதைவிடத் தாழ்ந்தது. தொகை ஒன்றே, பெயர்தான் வேறு.

ஆனால் பணம் மட்டும் காரணமாக அவர் கடிதம் எழுதவில்லை. ஏழு வருடமாக உதவியாளராகவே இருந்தது அவர் மனத்தில் இருந்த முள். ஆகவே இராஜிநாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்பே, தாம் ஏன் போகின்றோம் என்பதை ஒரு காகிதத்தில் தமக்காக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எதிர்ச்சலுகை வந்ததும் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். சம்பளம் போதாமை காரணமாயின் சம்பள உயர்வு மருந்தாகலாம். பதவி, இரவு வேலை, பிள்ளைகளின் படிப்பு, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமை ஆகியவை காரணமாயின், வேறு நோய்க்கு வேறு மருந்து கொடுத்த கதையாகும்.

நம் நண்பர் பெரிய கிளாக்கரிடம் உடனே ஆம் என்றும் சொல்லவில்லை; இல்லை என்றும் சொல்லவில்லை. “துரையின் நல்லெண்ணத்துக்கு நன்றி. மூன்று நாளில் பதில் சொல்கிறேன். அதற்குள் இந்த விஷயங்கள் கம்பனியின் கடிதத்தில் வருமானால் உதவியாக இருக்கும்” என்று பணிவாகச் சொல்லி, ஒரு சிறு குறிப்பைக் கொடுத்தார். அதில் நான்கு விஷயங்கள் இருந்தன. புதிய அடிப்படைச் சம்பளமும் அது அமுலுக்கு வரும் தேதியும். பதவியின் பெயர், அல்லது பதவி உயர்வுக்கு ஒரு தேதி. இராஜிநாமா இரு பகுதியாரின் சம்மதத்தோடு வாபஸ் பெறப்பட்டது என்ற வாசகம். சேவை முதல் நியமனத் தேதியிலிருந்து முறியாமல் தொடர்கின்றது என்ற வாசகம்.

கடைசி இரண்டும் ஏன் என்று கேட்பீர்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட இராஜிநாமாவைத் தொழிலாளி தனியே வாபஸ் பெற முடியாது, எஜமானரும் இசையவேண்டும். அந்த இசைவு எழுத்தில் இல்லாவிட்டால், பின்னொரு நாள் பழைய சேவை முடிந்து புதிய சேவை தொடங்கியது என்று சொல்லப்படலாம். அப்படியானால் ஐந்து வருடக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஓடும்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. சம்பள விஷயத்தைச் சீசனுக்குப்பின் தலைமைக் காரியாலயம் யோசிக்கும். இப்போதைக்கு மேலதிக நேரமும் போக்குவரத்துச் செலவும் உண்டு என்பதே அது. நம் நண்பர் நன்றி சொல்லி மறுத்தார். அறிவித்தல் மாதத்தின் கடைசி நாள் வரை ஒழுங்காக வேலை செய்து, தொழிற்சாலைப் புத்தகங்களையும் இருப்பையும் கணக்குக் காட்டி ஒப்படைத்து, வீட்டையும் காலிசெய்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பணிக்கொடை வேலை முடிந்த முப்பது நாளுக்குள் கொடுக்கப்படவேண்டும். வராவிட்டால் பதுளைத் தொழில் காரியாலயத்தில் முறையிடலாம். சேமலாப நிதியில் உள்ள பணம் வேலை மாறுவதால் அழிவதில்லை. அது மத்திய வங்கியின் பொறுப்பில் அவர் பெயரிலேயே இருக்கும்.

தலைமைக் காரியாலயம் அந்த நான்கையும் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் தங்கியிருப்பதே புத்தி என்று நானும் சொல்லியிருப்பேன். எதிர்ச்சலுகையை ஏற்பது இழிவன்று. ஏற்பதாயின் அன்றைக்கே புதிய எஜமானருக்கு அறிவித்து மன்னிப்புக் கேட்கவேண்டும். அங்கே நியமனக் கடிதத்தில் ஏற்கனவே கையெழுத்திட்டவர், அதில் உள்ள அறிவித்தல் நிபந்தனையை முதலில் வாசித்துக்கொள்ளவேண்டும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை எல்லாம் ஒரே வட்டாரம். டீமேக்கர்மாரின் பெயர் அவர்களுக்கு முன்னே பயணம் செய்கின்றது.

தங்கியிருக்க முடிவு செய்தவருக்கு ஒரு சோதனை உண்டு. அடுத்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, சேமலாப நிதிக்கான கழிவைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் உண்மையில் 80,000 ஆகியிருந்தால் 6,400 ரூபாய் கழிந்திருக்கவேண்டும். பழைய 4,800 ரூபாயே கழிந்திருந்தால், உயர்வு வேறு பெயரில் வந்திருக்கின்றது. அப்போதே கேட்டுவிடவேண்டும், ஆறு மாதம் பேசாமல் வாங்கியபின் கேட்பதற்கு நா எழாது.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. புதிய இடத்தில் வீடு இல்லையென்றால், முதலில் வாடகையைக் கழித்துவிட்டே ஒப்பிடவேண்டும்; தோட்டத்து வீட்டின் அருமை அதை விட்டபின்னரே தெரியும். பதினைந்து பேருக்குக் குறைந்த சிறு காரியாலயத்துக்குப் போகின்றவர், பணிக்கொடையைத் தாமாகவே எதிர்பார்க்கக்கூடாது. நியமனக் கடிதத்தில் கேட்டு வாங்கவேண்டும். நாலு வருடமும் பத்து மாதமும் சேவை செய்தவருக்கு இன்று போனால் சட்டப்படி ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் பொறுத்தால் ஐந்து வருடத்துக்கும் உண்டு. அத்தகையவர் சம்பள உயர்வை விட்டு, புதிய எஜமானரிடம் இரண்டு மாதத் தவணை கேட்பதே நல்லது. பெரும்பாலும் அவர்கள் மறுப்பதில்லை.

ஆகவே நேயர்களே, போகிறேன் என்றபின் உங்களைத் தேடி ஒரு சலுகை வந்தால், எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பெயரில் என்று கேளுங்கள். யாருடைய கையெழுத்தில் என்று கேளுங்கள். அந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தபின், போவதா இருப்பதா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.